ஒரே அறைக்கு மூன்று விலை: பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: "மே மாதம் ஊட்டியில் மூன்று இரவு தங்கப் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன். ஒரே அறை போதும். ஒரே விடுதியின் ஒரே அறைக்கு ஒரு செயலியில் 6,900 ரூபாய், இன்னொரு செயலியில் 7,200, விடுதியின் சொந்த வலைதளத்தில் 7,400 என்று காட்டுகிறது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் எண்கள் வேறாகிவிடுகின்றன. எதை எதனோடு ஒப்பிட்டு முடிவு செய்வது?"

பதில்:

தேடல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரியும் ஓரிரவு விலையை ஒப்பிடுவதால் எந்தப் பயனும் இல்லை. ஒப்பிட வேண்டியது ஒரே ஒரு தொகையைத்தான்: மூன்று இரவும் மூன்று பேரும் தங்கி, காலைச் சிற்றுண்டி உண்டு, அறையைக் காலி செய்து வெளியே வரும் வரை உங்கள் கையிலிருந்து போகும் மொத்தப் பணம். அதோடு, பயணம் நின்றுபோனால் அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் கையில் இல்லாதவரை 6,900, 7,200, 7,400 ஆகிய மூன்றும் ஒரே பொருளின் மூன்று விலைகள் அல்ல. மூன்று வெவ்வேறு பொருட்களின் விலைகள்.

முதலில் வரியைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் மிகப் பெரிய வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறையின் ஒரு நாள் விலை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் 18 சதவீதம் என்று பலர் வருமான வரியைப் போல நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். எனவே 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய் ஆகிறது. அதே அறை 7,501 ரூபாய் என்றால் வரியோடு 8,851 ரூபாய் ஆகிறது. ஒரு ரூபாய் விலையேற்றம் ஏறத்தாழ 976 ரூபாயை உங்களிடமிருந்து வாங்கிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் அறை இந்த எல்லையை ஒட்டியே நிற்பதால், எந்த வழியில் பதிவு செய்தால் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. வரி விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் செயலியில் பார்க்கும் இறுதி விலை அல்ல; விடுதி அந்த அறைக்கு வாங்கும் விலை. விடுதியே மனமுவந்து 7,800-லிருந்து 7,200-க்கு இறக்கினால் விற்பனை விலையே 7,200 ஆகிவிடுகிறது, வரி 5 சதவீதம். ஆனால் விடுதி 7,800 என்றே வைத்திருக்க, செயலி தன் கமிஷனிலிருந்து 900 ரூபாயை விட்டுக்கொடுத்து ஒரு கூப்பன் தந்தால், நீங்கள் 6,900 கொடுக்கிறீர்கள், மீதி 900 செயலியின் பங்காக நிற்கிறது. விடுதியைப் பொறுத்தவரை அறை விற்றது 7,800-க்குத்தான். ஆகவே வரி 7,800-க்கு 18 சதவீதம், அதாவது 1,404 ரூபாய். 6,900 என்று படித்தவுடன் 5 சதவீத வரி 345 ரூபாய்தானே என்று மனக்கணக்குப் போட்டவர், பணம் கட்டும் பக்கத்தில் ஓர் இரவுக்கு ஆயிரத்துக்கும் மேல் கூடுதலாகப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். விலை விவரத்தைத் திறந்து பார்த்தால் அடிப்படை விலை, விடுதியின் தள்ளுபடி, கூப்பன் தள்ளுபடி, வரியும் கட்டணமும் என்று வரிசையாக இருக்கும். விடுதியின் தள்ளுபடியைக் கழித்தபின், கூப்பனைக் கழிப்பதற்கு முன், எந்த எண் நிற்கிறதோ அதுதான் வரிக்கான விலை.

இதோடு சேர்ந்த இன்னொரு மறைவும் உண்டு. மூன்று இரவு என்றால் சில செயலிகள் சராசரி விலையைக் காட்டும். ஊட்டியில் மே மாதச் சனிக்கிழமை விலையும் திங்கட்கிழமை விலையும் ஒன்றாக இருப்பது அரிது. சனி இரவு 8,200, அடுத்த இரண்டு இரவுகள் 6,800 என்றால் சராசரி 7,267 என்று எல்லைக்குள் அழகாகத் தெரியும். வரியோ நாள்வாரியாகப் போடப்படுகிறது: சனி இரவுக்கு 1,476 ரூபாய், மற்ற இரு இரவுகளுக்கும் தலா 340 ரூபாய். இரவுவாரியான விலையைத் திறந்து பாருங்கள்; முடிந்தால் சனிக்கிழமையைத் தவிர்த்து ஞாயிறு முதல் புதன் வரை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கட்டணம். செயலிகள் "கன்வீனியன்ஸ் ஃபீ" என்றோ "சர்வீஸ் ஃபீ" என்றோ போடுவது செயலி உங்களுக்குச் செய்யும் சேவைக்கான கூலி. அதற்கு அறை வரி விகிதம் பொருந்தாது. தனியாக 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பயணத்தை ரத்து செய்தால் அறை வாடகை முழுவதும் திரும்பினாலும் இந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. பல இடங்களில் "வரிகளும் கட்டணங்களும்" என்ற ஒரே தலைப்புக்குள் இதை அடக்கிவிடுவதால், அரசுக்குப் போவது எவ்வளவு, செயலிக்குப் போவது எவ்வளவு என்று தெரியாது. அந்தத் தலைப்பைத் தொட்டால் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். கடைசிப் பக்கத்தில் பயணக் காப்பீடோ நன்கொடையோ ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இப்படிக் கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பதையும், முதலில் குறைந்த விலையைக் காட்டிப் பிறகு படிப்படியாகக் கட்டணங்களை ஏற்றுவதையும் தடை செய்யப்பட்ட நடைமுறைகளில் சேர்த்திருக்கின்றன. "இன்னும் ஓர் அறைதான் மீதம்" என்ற பொய்யான அவசரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தடை இருக்கிறது என்பதால் நடைமுறை மறைந்துவிடவில்லை. ஆகவே அந்த வாசகத்தைக் கண்டு பதறிப் பணம் கட்டிவிடாதீர்கள். மே மாதத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். சந்தேகமானால் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து அந்தத் தேதிகளில் அந்த வகை அறை இருக்கிறதா என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செயலியின் கட்டணம் வேறு, விடுதியின் உணவகம் பில்லில் போடும் "சர்வீஸ் சார்ஜ்" வேறு. பின்னதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையில் நெறி வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் வந்தால் நீக்கச் சொல்லலாம். யாராவது "லக்ஷுரி டாக்ஸ்" என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. விடுதிகளுக்கான அந்த மாநில வரி 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டிக்குள் கரைந்துவிட்டது.

மூன்றாவது, உணவு. விலைக்குக் கீழே EP என்றிருந்தால் அறை மட்டும். CP என்றால் காலைச் சிற்றுண்டியும் உண்டு. MAP என்றால் அதோடு இன்னொரு வேளை உணவும் சேரும். EP விலையையும் CP விலையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதுதான் நான் காணும் மிகப் பொதுவான பிழை. அறை மட்டும் எடுத்துவிட்டுச் சிற்றுண்டியைத் தனியாக உண்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரியில் ஒரு விடை இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையையாவது ஒரு நாளுக்கு 7,500-க்கு மேல் விற்ற விடுதியின் உணவகம், 2025 ஏப்ரல் 1 முதல், உணவுக்கு 18 சதவீத வரி வாங்க வேண்டும். மற்ற விடுதிகளின் உணவகங்களில் வழக்கமான 5 சதவீதம். உங்கள் விடுதி கடந்த ஆண்டுப் பருவ காலத்தில் 7,500-க்கு மேல் அறை விற்றிருக்க வாய்ப்பு இருப்பதால், அங்கே சிற்றுண்டிக்கு 18 சதவீதம் என்றே கணக்கில் கொள்ளலாம். சிற்றுண்டியோடு சேர்த்து 7,200 என்று ஒரே விலையாக விற்கும்போது பொதுவாக முழுத் தொகைக்கும் அறையின் 5 சதவீதமே பொருந்துகிறது. ஆனால் இதிலும் எல்லையை மறக்கக் கூடாது. இரவு உணவையும் சேர்த்த MAP விலை 8,600 ஆகிவிட்டால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் விழும். எல்லையை ஒட்டிய அறைகளுக்கு CP எடுத்து, இரவு உணவை ஊருக்குள் உண்பதே பெரும்பாலும் இலாபம்.

மகனைத் தேடலிலேயே சேர்த்துவிடுங்கள், வயதையும் சரியாக ஒன்பது என்றே போடுங்கள். விடுதிகள் 5 அல்லது 6 வயது வரை இலவசம், அதன்பின் 12 வயது வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கணக்கு என்று வகுத்திருப்பது வழக்கம். இருவர் என்று தேடிவிட்டு மூவராகப் போய் நின்றால், வரவேற்பறையில் அன்றைய கட்டணத்தைத்தான் கொடுக்க வேண்டிவரும். கூடுதல் படுக்கை தேவையென்றால், அதன் விலையைச் சேர்த்தபின் மொத்தத்துக்கு எந்த விகிதத்தில் வரி போடுகிறார்கள் என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 7,200 ரூபாய் அறையில் அந்தக் கேள்வி சில நூறு ரூபாய்க் கேள்வி அல்ல.

இப்போது நீங்கள் தந்த மூன்று எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். உள்விவரங்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் திரையில் இருப்பவற்றை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் செயலியின் 6,900 என்பது, 7,800 ரூபாய் விலையில் 900 ரூபாய்க் கூப்பனைக் கழித்து வந்தது, அறை மட்டும், பணம் திரும்பாத திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 6,900-உம் வரி 1,404-உம் சேர்ந்து 8,304 ரூபாய். மூன்று இரவுக்கு 24,912. செயலியின் கட்டணம் 350, அதன் வரி 63, ஆக 413. இதுவரை 25,325 ரூபாய். விடுதியில் சிற்றுண்டி பெரியவருக்கு 450, சிறுவனுக்கு 225 என்றால் நாளுக்கு 1,125. வரியோடு 1,327 ரூபாய் 50 காசு. மூன்று நாளுக்கு 3,982 ரூபாய் 50 காசு. மொத்தம் ஏறத்தாழ 29,300 ரூபாய்.

இரண்டாவது செயலியின் 7,200 என்பது விடுதியே தந்த தள்ளுபடி விலை, இருவருக்குச் சிற்றுண்டி உண்டு என்று கொள்வோம். வரி 360 சேர்ந்து 7,560. மூன்று இரவுக்கு 22,680. கட்டணம் 300, அதன் வரி 54. சிறுவனின் சிற்றுண்டி வரியோடு மூன்று நாளுக்கு 796 ரூபாய் 50 காசு. மொத்தம் ஏறத்தாழ 23,830 ரூபாய்.

விடுதியின் சொந்த வலைதளத்தில் 7,400. மூவருக்கும் சிற்றுண்டி உண்டு, கட்டணம் எதுவும் இல்லை. வரி 370 சேர்ந்து 7,770. மூன்று இரவுக்கு 23,310 ரூபாய். அவ்வளவுதான்.

முதல் பார்வையில் மலிவாகத் தெரிந்தது ஏறத்தாழ 6,000 ரூபாய் கூடுதலாகவும், அதிக விலையாகத் தெரிந்தது எல்லாவற்றிலும் குறைவாகவும் முடிந்தன. எப்போதும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. வங்கி அட்டைச் சலுகையோடு செயலி வெல்லும் நாட்களும் உண்டு, முக்கியமாக 5,000 ரூபாய்க்குக் கீழான அறைகளில். அங்கே வரி எல்லை குறுக்கிடாது என்பதால் கூப்பன் அப்படியே இலாபமாக நிற்கும். சொந்த வலைதளம் எப்போதும் மலிவு என்பதும் செயலி எப்போதும் மலிவு என்பதும் ஒரே அளவுக்குத் தவறான நம்பிக்கைகள்.

விடுதிக்கு நேரே பேசும்போது பேரத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. செயலி வழியாக வரும் ஒவ்வொரு பதிவுக்கும் விடுதி பொதுவாக விலையில் 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கிறது. நேரே வருகிறவரிடம் அந்தத் தொகை மிஞ்சுகிறது. அப்படியானால் சொந்த வலைதளத்தில் ஏன் விலையைக் குறைத்துப் போடுவதில்லை? செயலியில் உள்ளதைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை நெடுங்காலம் இருந்தது ஒரு காரணம். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்து, இத்தகைய விலைச் சமநிலை நிபந்தனைகளை நீக்குமாறு மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும், வலைதளத்தில் வெளிப்படையாக விலையைக் குறைத்தால் செயலியின் தேடல் வரிசையில் தாங்கள் கீழே போய்விடுவோமோ என்று விடுதிக்காரர்கள் அஞ்சுகிறார்கள். தொலைபேசியில் அந்த அச்சம் இல்லை. ஆகவே "இந்தச் செயலியில் வரியோடு மொத்தம் இவ்வளவு வருகிறது, நேரே எடுத்தால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். விலையைக் குறைக்காவிட்டாலும் சிறுவனுக்கு இலவசம், தாமதமாகக் காலி செய்ய அனுமதி, தளர்வான ரத்து விதி ஆகியவற்றில் ஒன்றைத் தர முன்வருவார்கள்.

அறை விலை எல்லையைச் சற்றே தாண்டியிருந்தால் பேரத்தின் வலிமை இன்னும் கூடும். 7,800 ரூபாய் அறைக்கு வரியோடு 9,204. அதை 7,500-க்குக் கேட்டு வாங்கினால் 7,875. விடுதி விட்டுக்கொடுப்பது 300 ரூபாய்; உங்களுக்கு மிச்சம் 1,329 ரூபாய். எல்லா விடுதிகளும் இதற்கு இணங்கா. 5 சதவீத வரியில் விற்கும் அறைக்கு, விடுதி தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் சில பெரிய விடுதிகள் தயங்கும். கேட்பதில் இழப்பு இல்லை.

ஊட்டியில் சிறிய தங்குமிடங்களையும் வீட்டுத் தங்கல்களையும் பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம் முற்றிலும் மாறுகிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் நேரே எடுத்தால் வரியே கிடையாது. அதே அறையைச் செயலி வழியாக எடுத்தால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி அந்த வரியைச் செயலி நிறுவனம் கட்ட வேண்டும். அது உங்கள் பில்லில் வந்து சேரும். இங்கே நேர்ப்பதிவு, வரியையும் செயலிக் கட்டணத்தையும் ஒருசேர மிச்சப்படுத்துகிறது. மறுபுறம், பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி என்று பணம் வாங்கக் கூடாது. பில்லில் வரி போட்டால் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும், அதை gst.gov.in தளத்தில் தேடிப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும்.

நேர்ப்பதிவின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். புகழ்பெற்ற விடுதிகளின் பெயரில் போலி வலைதளங்களும், வரைபடங்களில் மாற்றி வைக்கப்பட்ட தொலைபேசி எண்களும் உலவுகின்றன. தேடலில் முதலில் வந்த எண்ணை அப்படியே நம்பாமல், விடுதியின் வலைதளத்தில் உள்ள எண்ணும் முகவரியும் செயலிப் பக்கத்திலும் பழைய விருந்தினர்களின் பில்களிலும் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். யுபிஐயில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் விடுதியின் பெயராகவோ நிறுவனத்தின் பெயராகவோ இல்லாமல் தனிநபர் பெயராக இருந்தால் நிறுத்துங்கள். முழுத் தொகையையும் உடனே கேட்டு அவசரப்படுத்துவதும் அடையாளம்தான். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். உண்மையான விடுதியென்றாலும், தேதிகள், அறை வகை, உணவுத் திட்டம், மூவர் என்ற எண்ணிக்கை, வரி உட்பட மொத்தத் தொகை, ரத்து செய்யக் கடைசி நாளும் நேரமும் ஆகிய அனைத்தும் அடங்கிய உறுதிக் கடிதத்தை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ பெற்ற பிறகே முன்பணம் அனுப்புங்கள்.

இனி ரத்து விதி. இதை விலையின் பகுதியாகவே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரத்து செய்யக்கூடிய விலை மூன்று இரவுக்கு 23,310, பணம் திரும்பாத விலை அதைவிடப் பத்து சதவீதம் குறைந்து 20,979 என்று வைத்துக்கொள்வோம். 2,331 ரூபாய் இலாபம் போலத் தெரிகிறது. ஆனால் பயணம் நின்றுபோனால் இழப்பது 20,979. பத்துக்கு ஒன்றைவிட அதிகமாகப் பயணம் நிற்க வாய்ப்பிருக்கிறது என்று நீங்கள் கருதினால், பத்து சதவீதத் தள்ளுபடி உங்களுக்கு இலாபமல்ல. ஐந்து சதவீதத் தள்ளுபடி என்றால் இருபதுக்கு ஒன்று. ஒன்பது வயதுப் பையனோடு, மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யும் குடும்பத்துக்குப் பத்துக்கு ஒன்று என்பது பெரிய எண்ணே அல்ல. காய்ச்சல், அலுவலக விடுப்பு, உறவில் ஒரு துக்கம் எதுவும் போதும். நாளையோ மறுநாளோ கிளம்புகிறவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அவர் பணம் திரும்பாத விலையைத் தயங்காமல் எடுக்கலாம்.

நீலகிரிக்கு இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. இ-பாஸ் கிடைக்கவில்லை என்பதற்காகவோ, மழை எச்சரிக்கையால் மலைப்பாதை மூடப்பட்டது என்பதற்காகவோ விடுதியின் ரத்து விதி தானாகத் தளராது. அறை திறந்திருக்கிறது என்பதே அவர்களின் நிலைப்பாடு. நீங்கள் போகும் ஆண்டின் ஏற்பாட்டைப் பார்த்து, சொந்தக் காரில் போவதானால் இ-பாஸ் உறுதியாகும் வரை திரும்பப் பெறக்கூடிய விலையிலேயே அறையை வைத்திருங்கள்.

"இலவச ரத்து" என்ற சொல்லைக் கண்டவுடன் நின்றுவிடாமல் அதன் கீழே உள்ள தேதியையும் மணியையும் படியுங்கள். மே 10 அன்று அறைக்குள் நுழைவதாக இருந்து, 7 நாள் முன்பு வரை இலவசம் என்றால், அந்தக் கெடு மே 3 நண்பகலா, அன்று நள்ளிரவா, அல்லது மே 2 இரவோடு முடிகிறதா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கெடுவுக்குப் பிறகு ஓர் இரவு வாடகை மட்டும் பிடிக்கிறார்களா, முழுத் தொகையுமா என்று பாருங்கள். தேதியை மாற்றுவதைச் சில திட்டங்கள் ரத்தாகவே கணக்கிடும். திரும்பும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வருமா, செயலியின் பணப்பையில் தங்கிவிடுமா என்பதும் முக்கியம். பணப்பைக்கு வந்தால் உடனே என்றும், வங்கிக்கு என்றால் பல நாட்கள் என்றும் இரண்டு பொத்தான்கள் இருந்தால் வங்கியையே தேர்ந்தெடுங்கள். பிடித்தம் செய்யும் தொகைக்கும் வரி உண்டு என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 2022 ஆகஸ்டில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கையின்படி, ரத்துக் கட்டணத்துக்கும் அறைக்கு உள்ள அதே விகிதத்தில் வரி போடப்படும். 7,400 ரூபாய் பிடித்தால் உண்மையில் போவது 7,770.

செயலியில் ரத்து செய்யும்போது "விடுதியின் ஒப்புதல் வர வேண்டும்" என்றும், விடுதியைக் கேட்டால் "பணம் செயலியிடம்தான் இருக்கிறது" என்றும் இருவரும் கைகாட்டிக்கொள்வதை எனக்குத் தெரிந்த பலர் அனுபவித்திருக்கிறார்கள். இதிலிருந்து காப்பது பதிவு செய்த அன்றே எடுத்துவைத்த திரைப்பதிவுகள்தான்: விலை விவரம், ரத்து விதி, கெடுத் தேதி மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் பின்னர் மாறிவிடலாம். இருவரும் நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அந்தப் படங்களோடு புகார் பதிவு செய்யலாம்.

திரும்பப் பெறக்கூடிய விலையில் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. கெடுவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு அதே அறையை அதே தேதிகளுக்கு, மூவர் என்றே, எல்லா வழிகளிலும் மீண்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். விற்காத அறைகளை விடுதிகள் அப்போது இறக்கி விடுவதுண்டு, குறிப்பாக வார நாட்களுக்கு. வரியோடு சேர்ந்த மொத்தம் குறைந்திருந்தால், புதிய பதிவுக்கு உறுதிக் கடிதம் கைக்கு வந்தபிறகு பழையதை ரத்து செய்யுங்கள்; வரிசையை மாற்றிச் செய்தால், மே மாத ஊட்டியில் அந்த இடைவெளிக்குள்ளேயே அறை போய்விடக்கூடும்.